கணக்கு மென்பொருளைக் கடைக்காரருக்கு ஒரே வரியில் சொல்வது எப்படி?

"சிறு, குறு வணிகங்களுக்கான, ஜிஎஸ்டி வசதியுள்ள, கிளவுட் அடிப்படையிலான முழுமையான அக்கவுண்டிங் சொல்யூஷன்."

கடைகளுக்குக் கணக்கு மென்பொருள் செய்பவர்கள் முதலில் எழுதும் வரி பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும். இதில் பொய் எதுவும் இல்லை. மென்பொருளில் இவை எல்லாமே இருக்கலாம். ஆனால் ஒரு மளிகைக் கடைக்காரர் இதைப் படித்து முடித்த பிறகு, தன் கடையில் நாளைக்கு என்ன மாறும் என்று அவருக்குத் தெரியாது. வரி முழுக்க மென்பொருளைப் பற்றியே பேசுகிறது. அவரைப் பற்றி எதுவும் இல்லை.

ஒரு பொருளை வாங்குகிறவருக்கு அதனால் என்ன நடக்கும் என்று ஒரே மூச்சில் சொல்லும் வாக்கியத்தைத்தான் விற்பனைத் துறையில் வேல்யூ ப்ரோபோசிஷன் என்கிறார்கள். பஸ்ஸின் முன்னால் இருக்கும் ஊர்ப் பலகையின் வேலைதான் இதற்கும். இந்த வண்டி எங்கே போகிறது, நான் ஏறலாமா என்பது நிற்பவருக்குத் தெரிந்தால் போதும். எஞ்சின் எத்தனை குதிரைத்திறன் என்று பலகையில் எழுதுவதில்லை.

இந்த வரியில் மூன்று விஷயம் தெரிய வேண்டும்: இது யாருக்கு, அவருடைய எந்தத் தொல்லையைத் தீர்க்கும், தீர்ந்த பிறகு என்ன நடக்கும். மூன்றையும் தனித்தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. படிப்பவர் மனதில் மூன்றும் விழுந்தால் போதும். ஒரு கடையை எடுத்துக்கொண்டு வரியைப் படிப்படியாக எழுதிப் பார்ப்போம்.

மதுரையில் ஒரு குடியிருப்புத் தெருவில் இருக்கும் மளிகைக் கடை என்று வைத்துக்கொள்வோம். கடைக்காரரும் ஒரு பையனும் நிற்கிறார்கள். ஒரு நாளைக்கு 9,000 ரூபாய் வியாபாரம். அந்தத் தெருவில் 45 குடும்பங்களுக்கு மாதக் கணக்கு உண்டு. குடும்பத்துக்குச் சராசரியாக 2,000 ரூபாய் என்றால் 90,000 ரூபாய். மாத வியாபாரம் 2,70,000. ஆக, விற்றதில் மூன்றில் ஒரு பங்கு பணமாகக் கல்லாவுக்கு வராமல் நோட்டில் நிற்கிறது.

அந்த நோட்டைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்க்க வேண்டும். நீளவாக்கில் இருக்கும் கெட்டி அட்டை நோட்டு, குடும்பத்துக்கு ஒரு பக்கம். மேலே பெயர் இருக்கும், ஆனால் ரேஷன் அட்டையில் இருக்கும் பெயர் அல்ல. "செல்வி மாடி வீடு", "பச்சை கேட்", "டீச்சரம்மா" என்று கடைக்காரர் கூப்பிடும் பெயர். கீழே தேதி, தொகை, சில இடங்களில் மட்டும் சரக்கின் பெயர். பக்கம் நிரம்பிவிட்டால் நோட்டின் கடைசியில் எங்கோ ஒரு பக்கத்தில் தொடரும். அது எந்தப் பக்கம் என்பது எழுதியவருக்கு மட்டும் தெரியும்.

மாதம் பிறந்து முதல் வாரத்தில், சாயங்காலம் ஏழு மணிக்கு, "நம்ம கணக்கு எவ்வளவுன்னு பாருங்க அண்ணாச்சி" என்று ஒருவர் வந்து நிற்பார். சம்பளம் வந்துவிட்டது, பணம் கையில் இருக்கிறது. கடைக்காரர் நோட்டைப் புரட்டுவார், தொடர்ச்சிப் பக்கத்தைத் தேடுவார், கால்குலேட்டரில் கூட்டுவார். நடுவில் ஒரு குழந்தை அரை கிலோ சீனி கேட்கும். மறுபடி முதலிலிருந்து கூட்டுவார். 2,340 என்று சொன்னதும், "பதினாலாம் தேதி நான் எண்ணெய் வாங்கவே இல்லையே" என்று பதில் வரும். பேசி முடிக்க நேரமில்லை. "சரி, 2,300 குடுங்க." நாற்பது ரூபாய் போனது. எண்ணெய் உண்மையிலேயே போனதா இல்லையா என்பது இருவருக்குமே கடைசிவரை தெரியாது.

வரி எழுத வேண்டியவருக்கு வேண்டியதெல்லாம் இந்த ஒரு காட்சியில் இருக்கிறது. தொல்லை என்ன, எந்த நேரத்தில் வருகிறது, எவ்வளவு செலவு வைக்கிறது, அதை என்ன வார்த்தையில் பேசுகிறார்கள் என்பது எல்லாம். இதைப் பார்க்காமல் அலுவலகத்தில் உட்கார்ந்து எழுதும்போதுதான் "சொல்யூஷன்" வருகிறது.

கடைக்காரரிடம் போய் "உங்களுக்கு என்ன பிரச்சினை?" என்று கேட்டால் பயன் இல்லை. "வியாபாரம் டல்லா இருக்கு" என்பார். அது உண்மைதான், ஆனால் கணக்கு மென்பொருளால் அதற்கு எதுவும் செய்ய முடியாது. நடந்ததைக் கேட்க வேண்டும். "கடை சாத்துறதுக்கு முன்னாடி கடைசியா என்ன வேலை பார்ப்பீங்க?", "போன மாசம் யார் கணக்குல பேச்சு வந்துச்சு?", "நீங்க ஊருக்குப் போனா கடைக்கு யார் இருப்பாங்க, அவங்களுக்கு நோட்டு புரியுமா?" என்று கேட்டால், பதில்கள் வாக்கியங்களாகவே வரும். அவற்றை அப்படியே எழுதிக்கொள்ள வேண்டும். அவர் "பாக்கி" என்றால் பாக்கி, "பற்று" என்றால் பற்று. நம் வரியின் சொற்கள் அந்தக் குறிப்பிலிருந்துதான் வர வேண்டும்.

இப்போது இரண்டாவது முயற்சி: "உங்கள் கடைக் கணக்கை எளிதாக்குங்கள்." புரியாத சொல் ஒன்றுகூட இல்லை. இருந்தாலும் இது முதல் வரியைவிடச் சிறந்தது என்று சொல்ல மாட்டேன். எந்தக் கணக்கு? எப்படி எளிதாகும்? ஒரு நல்ல கால்குலேட்டரும் கடைக் கணக்கை எளிதாக்கும். எளிது, வேகம், நம்பகம், முழுமை போன்ற சொற்களை எந்தப் பொருளுக்கும் ஒட்டிவிடலாம் என்பதால், இந்தப் பொருளைப் பற்றி அவை எதுவும் சொல்வதில்லை. வரியில் இருக்கும் பண்புச் சொற்களை அடித்துவிட்டு, மிச்சத்தில் கண்ணால் பார்க்கக்கூடிய ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள். இந்த வரியில் எதுவும் மிஞ்சவில்லை.

மூன்றாவது: "வாடிக்கையாளர் நிலுவைத் தொகைகளைத் திறம்பட மேலாண்மை செய்யுங்கள்." ஆங்கிலத்தைத் தூக்கிவிட்டால் சரியாகிவிடும் என்று நினைத்து எழுதப்படும் வரி இது. ஆனால் "நிலுவை", "மேலாண்மை" என்று எந்தக் கடையிலும் யாரும் பேசுவதில்லை. அந்தக் கடைக்காரருக்கு இவையும் "ரிசீவபிள்", "லெட்ஜர்" போன்ற அந்நியச் சொற்கள்தான். மறுபக்கம், "பில்", "ஸ்டாக்", "ஆடிட்டர்", "ஜிஎஸ்டி" எல்லாம் அவர் தினமும் வாயில் வைத்திருக்கும் சொற்கள். கடையில் அந்தச் சொல் புழங்குகிறதா என்பதை மட்டும் பார்த்தால் போதும், அது எந்த மொழியிலிருந்து வந்தது என்று பார்க்க வேண்டியதில்லை. டேலி மென்பொருளை விற்பவர் "லெட்ஜர்", "வவுச்சர்" என்று பேசலாம். அங்கே அதைப் பயன்படுத்தும் கணக்கர் அந்தச் சொற்களைப் படித்துவிட்டுத்தான் வேலைக்கே வருகிறார். நம் கடையில் கணக்கர் கிடையாது.

நான்காவது முயற்சியில் நோட்டு உள்ளே வருகிறது: "கடன் கொடுக்கும் கடைகளுக்கு: யார் எவ்வளவு பாக்கி என்று உடனே தெரியும்." இது நல்ல திசை. தொல்லை தெரிகிறது, முடிவும் தெரிகிறது. ஆனால் சத்தமாகப் படித்தால் இரண்டு இடங்களில் இடறும். "கடன் கொடுக்கும் கடை" என்றதும் சிலருக்கு அடகுக்கடை நினைவுக்கு வரும். "பாக்கி" என்ற சொல் இரண்டு பக்கமும் போகும். கடைக்காரருக்கும் டிஸ்ட்ரிபியூட்டரிடம் பாக்கி உண்டு, சரக்கு போடும் சேல்ஸ்மேனுக்கு வாரா வாரம் அதைத் தர வேண்டும். எந்தப் பாக்கி என்று ஒரு கணம் யோசிக்க வைத்தாலும் வரி தோற்றதுதான். "உடனே" என்பதும் பண்புச் சொல். எதைச் செய்தால் தெரியும் என்பது அதில் இல்லை.

ஐந்தாவது:

"மளிகைக் கடைக்கு: யார் எவ்வளவு தரணும்னு பேரைத் தட்டினாலே தெரியும்."

"தரணும்" என்பதில் பணம் எந்தப் பக்கமிருந்து எந்தப் பக்கம் போகிறது என்பது தெளிவு. "பேரைத் தட்டினாலே" என்பதில் இது போனில் செய்கிற வேலை, நோட்டைப் புரட்டுவதற்கும் கால்குலேட்டருக்கும் பதிலாக வருவது என்பது சொல்லாமலே விளங்கும். பேச்சு வழக்கில் எழுதலாமா என்று சிலர் தயங்குவார்கள். கடைக்காரர் இதை இன்னொரு கடைக்காரரிடம் வாயால் சொல்லப்போகிறார் என்பதால் எனக்குப் பேச்சு வழக்கே சரியாகப் படுகிறது. அச்சு நோட்டீஸுக்கு வேண்டுமானால் "தர வேண்டும் என்று" என மாற்றிக்கொள்ளலாம்.

நீளத்துக்கும் ஒரு நடைமுறைக் காரணம் உண்டு. கூகுள் பிளே ஸ்டோரில் செயலியின் சுருக்க விளக்கத்துக்கு 80 எழுத்துகள்தான் இடம். தமிழில் மெய்ப்புள்ளி, கொம்பு, துணைக்கால் எல்லாம் கணினிக்குத் தனித்தனிக் குறிகள். "கடை" நம் கண்ணுக்கு இரண்டு எழுத்து, கணினிக்கு மூன்று. அப்படி எண்ணினால், இடைவெளிகளும் கடைசி முற்றுப்புள்ளியும் சேர்த்து மேலே உள்ள வரி 65 வருகிறது. முதலில் பார்த்த "சொல்யூஷன்" வரியை அந்த இடத்தில் போட்டால் பாதியிலேயே அறுந்துவிடும்.

இங்கே ஒரு ஆசை வரும். மென்பொருளில் பில் போடலாம், ஸ்டாக் பார்க்கலாம், லாபக் கணக்கும் எடுக்கலாம், அதையெல்லாம் சொல்லாமல் விடுவதா என்று. "பில், ஸ்டாக், கடன், லாபம் எல்லாம் ஒரே இடத்தில்" என்று எழுதிவிட்டால் எல்லோருக்கும் பொருந்தும் என்று தோன்றும். ஆனால் நான்கைச் சொன்னால் நான்கில் எதுவும் அழுத்தமாக விழாது. அதோடு, இருக்கும் தொந்தரவு போதாதென்று நான்கு புது வேலை பழக வேண்டுமோ என்ற பயமும் சேரும். காத்தாபுக், ஓகேகிரெடிட் போன்ற செயலிகள் முழுக் கணக்கு மென்பொருளாக வராமல், இந்தக் கடன் நோட்டு ஒன்றையே பிடித்துக்கொண்டு கடைகளுக்குள் நுழைந்தவை. மற்ற வசதிகளை உள்ளே வந்த பிறகு காட்டிக்கொள்ளலாம். வாசலில் ஒன்று போதும்.

வரி அழகாக அமைந்துவிட்டது என்பதாலேயே அது உண்மையாகிவிடாது. அடுத்த வேலை அதைக் கடையில் நிறுத்திப் பார்ப்பது. இதைத்தான் பலரும் தவிர்க்கிறார்கள், என் பார்வையில் மிக முக்கியமான வேலையும் இதுதான்.

சாயங்காலம் ஏழு மணி, கடை வாசலில் ஆறு பேர். "நோட்ல எழுதிக்குங்க" என்று ஒருவர் பால் பாக்கெட்டை எடுத்துக்கொண்டு நகர்கிறார். நோட்டில் என்றால் ஒரு தொகையைக் கிறுக்கினால் முடிந்தது. மென்பொருளோ சரக்கின் பெயர், அளவு, விலை, வரி விகிதம் என்று நான்கு கட்டங்களை நிரப்பச் சொன்னால், பையன் அதைச் செய்ய மாட்டான். அன்றைக்கு எழுதாமல் போனால் மாத முதலில் பேரைத் தட்டினாலும் தப்பான தொகைதான் தெரியும். அதாவது "பேரைத் தட்டினாலே தெரியும்" என்று சொல்ல வேண்டுமென்றால், பேரைத் தட்டி, தொகையை மட்டும் போட்டு, சேமித்துவிட முடிய வேண்டும். முடியாவிட்டால் மென்பொருளை மாற்ற வேண்டும், அல்லது வரியை மாற்ற வேண்டும்.

திறந்ததும் தெரியும் முதல் திரையும் இப்படித்தான். வரியில் பேர் என்று சொன்னோம். திறந்தால் வண்ண வண்ணக் கோட்டுப்படங்களும் "இந்த மாத வருவாய்ப் போக்கு" என்ற தலைப்பும் வந்தால், சொன்னது ஒன்று காட்டுவது ஒன்று என்றாகிவிடும். திரையில் "செல்வி மாடி வீடு", "பச்சை கேட்" என்ற பேர்களும் எதிரில் தொகையும் நிற்க வேண்டும். கடைக்காரர் தான் கூப்பிடும் பேரையே போட்டுக்கொள்ளவும் விட வேண்டும். போன் நம்பர் இல்லாமல் பேரைச் சேர்க்க முடியாது என்று மென்பொருள் அடம்பிடித்தால், நம்பர் கொடுக்க விரும்பாத வாடிக்கையாளருக்காகப் பழைய நோட்டும் கூடவே ஓடும். இரண்டும் ஓட ஆரம்பித்தால் எந்தத் தொகை சரி என்பதே குழப்பம். முதல் நாளிலேயே 45 குடும்பத்தின் பழைய பாக்கியையும் உள்ளே ஏற்றிக் கொடுக்க ஆள் வேண்டும். ஏற்றாவிட்டால் பேரைத் தட்டினால் வரும் தொகையில் பாதிதான் இருக்கும்.

எதைச் சொல்லக் கூடாது என்பதும் இந்தக் கட்டத்தில்தான் பிடிபடும். நம் கடையில் ஒரு நாளைக்கு 30 ரூபாய்ச் சரக்கு நோட்டில் ஏறாமல் போகிறது என்று வையுங்கள். மாதம் 900 ரூபாய். 100 ரூபாய் வியாபாரத்தில் 10 ரூபாய் லாபம் என்று கணக்கிட்டால், இந்த 900 ரூபாயை ஈடுகட்ட 9,000 ரூபாய்க்கு விற்க வேண்டும். ஒரு முழு நாள் வியாபாரம் இதற்கே சரியாகிவிடும். இந்தக் கணக்கைப் பார்த்ததும் "இனி ஒரு ரூபாய்கூட விட்டுப்போகாது" என்று எழுதக் கை துடிக்கும். எழுதக் கூடாது. எழுத மறந்தால் போனிலும் அது ஏறாது, நோட்டுக்கும் போனுக்கும் இதில் வித்தியாசம் கிடையாது. அதே போல "பாக்கி எல்லாம் வசூலாகும்" என்பதும் மென்பொருளின் கையில் இல்லை. தொகையைக் காட்டும், ஞாபகப்படுத்தும். தருவதும் தராததும் அந்த வீட்டின் நிலைமை. இப்படி ஒன்றைச் சொல்லி விற்றால், இரண்டாவது மாதமே கடைக்காரர் செயலியைத் தூக்கிவிடுவார், பக்கத்துக் கடைக்காரரிடமும் சொல்வார்.

மென்பொருளால் நிஜமாகவே செய்ய முடிந்த இன்னொன்று உண்டு. ஏற்றிய உடனே வாடிக்கையாளரின் போனுக்கும் அந்தத் தொகை போனால், பதினாலாம் தேதி எண்ணெய்க்கு அன்றைக்கே பேச்சு முடிந்துவிடும். கடையில் கேட்டபோது கூட்டுகிற தொல்லையைவிடச் சண்டையைப் பற்றித்தான் அதிகம் பேசினார்கள் என்றால் வரியே வேறு: "கடன் எழுதினதும் அவங்க போனுக்கும் போயிடும், மாச முதல்ல பேச்சு இருக்காது." இரண்டில் எது என்பதை எழுதுகிறவரின் ரசனை முடிவு செய்யக் கூடாது. குறிப்பில் எது அதிகம் வந்திருக்கிறதோ அதுவே வரி. இரண்டையும் சேர்த்து ஒட்டவும் கூடாது.

வரியைச் சோதிப்பது செலவில்லாத வேலை. இதுவரை பேசாத ஒரு கடைக்காரரிடம் போய், படம் எதையும் காட்டாமல், வரியை ஒரே முறை படித்துக் காட்டுங்கள். கொஞ்சம் வேறு பேச்சு பேசிவிட்டு, "அண்ணாச்சி, இப்ப நான் சொன்னது என்ன சாமான், அது என்ன பண்ணும்?" என்று கேளுங்கள். "யார் யார் எவ்வளவு தரணும்னு போன்ல பாக்குறது" என்று தன் சொல்லில் திருப்பிச் சொன்னால் வரி வேலை செய்கிறது. "ஏதோ கணக்கு ஆப்பு" என்றால் தொல்லை விழவில்லை. "நல்லா இருக்கு தம்பி, பாக்கலாம்" என்றால் எதுவுமே விழவில்லை, மரியாதைக்குச் சொல்கிறார். நல்ல அறிகுறி பாராட்டு அல்ல, கேள்வி. "நெட் இல்லேன்னா வேலை செய்யுமா?", "போன் தொலைஞ்சா கணக்கு என்ன ஆகும்?", "பையன் போன்லயும் எடுக்கலாமா?" என்று கேட்கிறார் என்றால், அவர் மனதுக்குள் அதைத் தன் கடையில் வைத்துப் பார்த்துவிட்டார்.

அந்தக் கேள்விகளுக்கான பதிலை முதல் வரிக்குள் திணிக்காமல் அடுத்த வரியில் வைக்க வேண்டும். முதலில் தூக்கி எறிந்த "கிளவுட்" இங்கேதான் பயன்படும், வேறு உருவத்தில்: "போன் தொலைஞ்சாலும் கணக்கு தொலையாது, புது போன்ல நம்பரைப் போட்டா திரும்ப வந்துடும்." மென்பொருள் அப்படிச் செய்யும் என்பதைப் பழைய போனை அணைத்துவிட்டு நீங்களே ஒரு முறை செய்து பார்த்த பிறகுதான் இதை எழுத வேண்டும்.

கடைசியாக ஜிஎஸ்டி. கணக்கு மென்பொருள் என்றதுமே எல்லோரும் இதை முன்னால் நிறுத்துகிறார்கள். 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்த புதிதில் கடைகளில் இருந்த பதற்றத்துக்கு அது பொருந்தியிருக்கலாம். ஆனால் தமிழ்நாட்டுக்குள்ளேயே சரக்கு விற்கும் கடைக்குப் பதிவு கட்டாயமாகும் வரம்பு ஆண்டுக்கு 40 லட்சம் ரூபாய் விற்றுமுதல். நாள் கணக்கில் பார்த்தால் சுமார் 11,000 ரூபாய். நம் கடையின் 9,000 ஆண்டுக்கு 32,85,000 தான். அவரிடம் போய் "ஜிஎஸ்டி பில் போடலாம்" என்றால், இது தனக்கான சாமான் இல்லை என்று அந்த இடத்திலேயே முடிவு செய்துவிடுவார். ஆகவே இந்தக் கடைக்கான வாக்கியத்தில் ஜிஎஸ்டி கிடையாது.

கொஞ்சம் பெரிய கடைக்கு வேறு வாக்கியம். விற்றுமுதல் ஒன்றரைக் கோடி வரை உள்ள பல கடைகள் ஜிஎஸ்டியின் காம்போசிஷன் திட்டத்தில் இருக்கின்றன. அவை வாடிக்கையாளரிடம் வரி வசூலிக்கக் கூடாது. விற்பனையில் 1 சதவீதத்தைத் தாங்களே கட்ட வேண்டும், காலாண்டுக்கு ஒரு முறை சிஎம்பி-08 என்ற படிவத்தில், காலாண்டு முடிந்த அடுத்த மாதம் 18ஆம் தேதிக்குள். இவர்களிடம் "வரி பில்" என்று சொல்வது தப்பாகவே முடியும், ஏனென்றால் அப்படி பில் போடவே அவர்களுக்கு அனுமதி இல்லை. அவர்களின் தொல்லை 18ஆம் தேதி நெருங்கும்போது ஆடிட்டர் ஆபீஸிலிருந்து வரும் போன். அங்கே போய் அதே கேள்விகளைக் கேட்டு, அதே மாதிரி எழுதிக்கொண்டு வந்தால், வாக்கியம் இப்படி ஏதாவது அமையும்: "ஆடிட்டர் கேட்கிற மூணு மாச விற்பனைக் கணக்கு, கேட்ட அன்னைக்கே அவர் வாட்ஸ்அப்புக்குப் போயிடும்." இதையும் ஏழு மணிக் கடையில் நிறுத்திப் பார்க்க வேண்டும். மூன்று மாதமும் தினசரி விற்பனை ஏறியிருந்தால்தான் அந்தக் கணக்கு வரும். கல்லாவை மூடும்போது அன்றைய மொத்தத் தொகையை ஒரே கட்டத்தில் போட வழி இருக்கிறதா என்பதை முதலில் பாருங்கள்.